ஏஎல்இ விழும் நேரம்: 8085-க்கு லாட்ச் போடுவது பற்றிக் கேள்வி பதில்

இந்த வாரம் 8085 மைக்ரோபிராசஸரின் கலப்புக் கம்பிகள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். முகவரியின் கீழ்ப் பாதியும் டேட்டாவும் மாறி மாறி ஓடும் ஏடி0 முதல் ஏடி7 வரையான எட்டுக் கம்பிகள்தான் அவை. இப்போது ஓடுவது முகவரி என்று 8085 காட்டும் துடிப்புதான் ஏஎல்இ. பாலிடெக்னிக் லேபில் பல வருஷம் இதே சிப்போடு காலம் தள்ளியவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். தொடங்கும் முன் ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த முகவரியைப் பிடித்து வைக்கும் லாட்ச் சிப்பான 373-இன் கால்கள் வரிசையாக இருக்காது. இதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்லுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காட்பாடி மாணவி: சார், ஏஎல்இ மேலே இருக்கும்போது முகவரி லாட்ச் ஆகிறதா, கீழே விழும்போதா? ரெக்கார்டு நோட்டில் ஒரு மாதிரி, கைடில் ஒரு மாதிரி இருக்கிறது.

விழும்போதுதான்மா. ஏஎல்இ உயர்ந்திருக்கும் நேரமெல்லாம் 373 திறந்த ஜன்னல். உள்ளே வருவது அப்படியே வெளியே தெரியும். ஏஎல்இ விழுந்ததும் ஜன்னல் மூடிக்கொள்ளும், அந்தக் கணத்தில் கம்பியில் இருந்தது உள்ளேயே தங்கிவிடும். கைடு எழுதியவர் ஜன்னலைப் பார்த்தார், ரெக்கார்டு எழுதியவர் தாழ்ப்பாளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நம் ஊர் லேப் கிட்டுகளில் ரேம் பெரும்பாலும் 4100-இல் தொடங்கும். அங்கே இதைப் போட்டு ஓட விடுங்கள்:

```
4100  C3 00 41   JMP 4100
```

தன் தலைக்கே திரும்பித் திரும்பித் தாவும் நிரல். ஒரு சுற்றுக்கு மூன்று முறை மெமரியைப் படிக்கும், மூன்று முறை ஏஎல்இ எழும்பும். ஸ்கோப்பில் முப்பதாம் காலைப் பாருங்கள். துடிப்புகள் சம இடைவெளியில் வராது. முதல் படிப்புக்கு நாலு கிளாக், மற்ற இரண்டுக்கும் மூன்று மூன்று. அதனால் ஒரு இடைவெளி கொஞ்சம் நீளமாகத் தெரியும். அந்த நீள இடைவெளிக்கு முன்னால் வருவதுதான் ஆப்கோடு எடுக்கும் துடிப்பு.

இப்போது இன்னொரு புரோபை ஏடி0 மேல் வையுங்கள். முதல் படிப்பில் முகவரி 00, டேட்டா C3. இரண்டாவதில் 01, 00. மூன்றாவதில் 02, 41. இந்த ஆறு எண்களின் கடைசி பிட்டும் ஒரே கம்பியில் மாறி மாறி வரும், இடையில் யாரும் ஓட்டாத நேரத்தில் கோடு அரைகுறையாக மிதக்கும். பார்க்கவே சந்தைக்கடை மாதிரி இருக்கும். அதே புரோபை 373-இன் வெளியே வரும் ஏ0-க்கு மாற்றுங்கள். இரண்டாவது படிப்பு முழுக்க உயரமாகவும், மற்ற இரண்டிலும் தாழ்வாகவும் சுத்தமான ஒரு கட்டம் தெரியும். ஏ1 மூன்றாவதில் மட்டும் உயரும். மீதி ஆறும் அசையாமல் கீழே கிடக்கும். இதைப் பார்த்துவிட்டால் லாட்ச் பாடம் முடிந்தது.

வாலாஜா: எதற்கு சார் இந்தக் கலப்பு வேலை? தனித்தனியாகக் கம்பி கொடுத்திருக்கலாமே?

நாற்பது கால்தான். பதினாறு முகவரி, எட்டு டேட்டா, அதன் மேல் இன்டரப்ட், சீரியல், கிளாக், எல்லாம் அடைய வேண்டும். அதில் எட்டை மிச்சம் பிடித்தார்கள்.

ஆம்பூர்: பிரெட்போர்டில் 8085, 373, ஈப்ராம் வைத்து ஓட்டுகிறேன். ரீசெட் அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி போகிறது. ஏஎல்இ துடிப்பு 8085 காலில் நன்றாக வருகிறது.

8085 காலில் வந்தால் போதாது தம்பி, ஏஎல்இ போய்ச் சேர வேண்டிய 373-இன் பதினோராம் காலில் வருகிறதா? சிப்பின் கால் மேலேயே புரோபை வைத்துப் பாருங்கள், பிரெட்போர்டு ஓட்டையில் அல்ல. எல்எஸ் வகை சிப்பில் எதுவும் இணைக்காத உள்ளீடு உயரமாக இருப்பது போலவே நடந்துகொள்ளும். அதாவது கம்பி விட்டுப் போயிருந்தால் ஜன்னல் எப்போதும் திறந்தே கிடக்கும்.

அப்போது என்ன ஆகும்? 8085 முகவரி 0000 கேட்கிறது. ஈப்ராம் C3 கொடுக்கிறது. ஆனால் அந்த C3 அதே கம்பி வழியாக லாட்சுக்குள்ளும் போகிறது, ஈப்ராமுக்குக் கீழ் முகவரியாகவே போய்ச் சேருகிறது. உடனே ஈப்ராம் 00C3-இல் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். அதுவும் முகவரியாகும். நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. 8085 படிக்கும் கணத்தில் எது இருந்ததோ அது மாட்டும், அதனால்தான் தடவைக்குத் தடவை மாறுகிறது.

பதினோராம் கால் தரையில் ஒட்டியிருந்தால் அறிகுறி வேறு. கீழ் முகவரி மாறாமல் நின்றுவிடும், 256 முகவரிக்கும் ஒரே பைட்டுதான் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தப்பாக ஓடும். தப்பு நிலையாக இருக்கிறதா, அலைகிறதா என்று முதலில் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஆரணி: என் 373-இன் முதல் காலை ஆர்டி சிக்னலில் கட்டியிருக்கிறேன். படிக்கும்போது மட்டும் முகவரி போனால் போதும் என்று.

373-இன் வெளியீட்டைத் திறந்து விடுவது அந்த முதல் கால்தான். எழுதும்போது யார் முகவரி கொடுப்பது? தரையில் கட்டுங்கள்.

குடியாத்தம்: அண்ணா, 373 கிடைக்கவில்லை. 374 இருந்தது, கால் எல்லாம் ஒன்றுதான், போட்டேன், ஓடுகிறது. எதற்கு இவ்வளவு பேச்சு?

374 ஜன்னல் இல்லை, கேமரா. பதினோராம் கால் எழும் கணத்தில் ஒரே ஒரு படம் எடுக்கும். ஏஎல்இயை நேராகக் கொடுத்தால் எழும்போதே எடுத்துவிடும். 8085ஏ-வின் டேட்டாஷீட் கணக்கில் ஏஎல்இ குறைந்தது 140 நானோ செகண்டு உயரமாக இருக்கும். கீழ் முகவரி, அது விழுவதற்கு 90 நானோ செகண்டு முன்னால் தயாராக இருக்கும் என்றுதான் உத்தரவாதம். அப்படியானால் எழும் நேரத்தில் முகவரி இன்னும் வராமலே இருக்கலாம். உங்கள் சிப் சீக்கிரம் கொடுக்கிற சிப்பாக இருக்கலாம், அல்லது உங்களுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு இன்வர்ட்டர் இருக்கலாம்.

ராணிப்பேட்டை, ஓய்வு பெற்றவர்: மன்னிக்கணும் சார். 374-க்கு முன்னால் ஒரு 7404 போட்டு ஏஎல்இயைத் திருப்பிவிட்டால் விழும்போது எடுக்கும். எங்கள் கம்பெனி போர்டில் அப்படித்தான் இருந்தது. 373 கட்டாயம் என்பது தப்பு.

கட்டாயம் என்று நான் சொல்லவே இல்லை ஐயா. நீங்கள் சொன்னது பாதி சரி. எடுக்கும், சரியாகவே எடுக்கும், ஏனென்றால் ஏஎல்இ விழுந்த பிறகும் 8085 அந்த முகவரியை இன்னும் 100 நானோ செகண்டு வைத்திருக்கும். ஆனால் 373-இல் முகவரி ஏஎல்இ உயரமாக இருக்கும்போதே ஈப்ராமுக்குப் போய்விடுகிறது. உங்கள் முறையில் விழும் வரை காத்திருக்க வேண்டும்.

கணக்குப் போடுவோம். 320 நானோ செகண்டு கிளாக்கில், ஏஎல்இ விழுந்ததிலிருந்து 460 நானோ செகண்டுக்குள் டேட்டா வந்து சேர வேண்டும். இன்வர்ட்டருக்கு 15, 374-க்கு ஏறக்குறைய 28 போனால் மிச்சம் 417. பழைய 2716 ஈப்ராமுக்கு முகவரி கிடைத்ததிலிருந்து 450 வேண்டும். 33 நானோ செகண்டு உதைக்கிறது. 373 போட்டால் முகவரி வந்ததிலிருந்து 575, லாட்சுக்கு 18 கழித்தாலும் 557. தாராளம்.

ராணிப்பேட்டை மறுபடி: காகிதத்தில் உதைக்கும். எங்கள் போர்டு வருஷக்கணக்கில் ஓடியது.

ஓடும் ஐயா, அந்த 450 மோசமான சிப்புக்கான எண். சராசரிச் சிப் அதைவிட வேகம். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு போர்டு இதே ஏற்பாட்டில், 374-உம் 2716-உம். காலை எட்டு மணி பேட்ச் மாணவர்களுக்கு அருமையாக ஓடும். மதியம் இரண்டு மணிக்கு நின்றுவிடும். மே மாதம், நம்ம வேலூர் வெயில், மேலே தகரக் கூரை. சூடானால் இந்த ஈப்ராம்கள் சோம்பல் ஆகும். மாணவர்கள் விசிறியைத் திருப்பி வைத்தால் ஓடியது. இரண்டு நாள் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஈர பஞ்சை ஈப்ராம் தலையில் வைத்தபோதுதான் பிடிபட்டது. இன்வர்ட்டரைக் கழற்றி 374 இடத்தில் 373 வைத்தேன், மதியமும் ஓடியது.

குடியாத்தம் மறுபடி: என் போர்டில் இன்வர்ட்டர் இல்லை அண்ணா, நன்றாகப் பார்த்துவிட்டேன். நேராகத்தான் போகிறது.

அப்படியானால் ஏடி0, ஏஎல்இ இரண்டையும் ஒரே திரையில் வைத்துப் படம் போடுங்கள். எது முந்துகிறது என்று பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ராணிப்பேட்டை: 250 நானோ செகண்டு 2764 ஈப்ராம் போட்டால் உங்கள் கணக்கு என்ன ஆகும்?

உங்கள் பக்கம் ஜெயிக்கும். ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு 7404 மிச்சம் என்று நான் 373-தான் போடுவேன்.

திருப்பத்தூர்: ஈப்ராமைப் புரோகிராமரில் படித்தால் சரியாக வருகிறது. என் போர்டில் வைத்தால் எங்கோ போய்விடுகிறது. ரீசெட்டில் C3 40 00 இருக்கிறது, 0040-க்குப் போக வேண்டும்.

எச்சரிக்கை நம்பர் இரண்டு. 373-இல் மூன்றாம் கால் உள்ளே, இரண்டாம் கால் வெளியே. அடுத்த ஜோடி தலைகீழ், நாலு உள்ளே, ஐந்து வெளியே. நிறைய பேர் மூன்று, ஐந்து என்று ஒரே தாளத்தில் இழுத்துவிடுவார்கள். ஏ0, ஏ1 இடம் மாறிப்போனால் முகவரி 0 சரியாக வரும், 1-உம் 2-உம் மாறி வரும். உங்கள் 8085 C3 00 40 என்று படித்து 4000-க்குத் தாவியிருக்கும். ரீசெட் விட்டதும் ஏ14 உயருகிறதா பாருங்கள். உயர்ந்தால் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், ரேமில் இதே தப்பு தெரியவே தெரியாது. மாற்றி எழுதி, மாற்றியே படித்துக்கொள்ளும். வயரிங் தலைவலி வேண்டாம் என்றால் அதே வேலை செய்யும் 573 வாங்குங்கள், ஒரு பக்கம் முழுக்க உள்ளே, எதிர்ப் பக்கம் முழுக்க வெளியே.

சத்துவாச்சாரி: OUT கட்டளைக்கும் லாட்ச் வேண்டுமா? இல்லாமலே என் எல்இடி எரிகிறது.

போர்ட் எண்ணை 8085 மேல் எட்டுக் கம்பியிலும் அப்படியே இன்னொரு பிரதி அனுப்பும். நீங்கள் டீகோடரை அங்கே மாட்டியிருப்பீர்கள். சரிதான்.

பாகாயம்: 8155 வைத்திருக்கிறேன், 373 எங்கே போடுவது?

ரேமும் போர்ட்டும் சேர்ந்த சிப் அது, அதற்குள்ளேயே லாட்ச் இருக்கிறது. ஏஎல்இயை அதற்கே கொடுங்கள்.

அணைக்கட்டு: சார், ஏஎல்இ எப்போது லாட்ச் செய்யும், மேலேயா கீழேயா?

காட்பாடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆற்காடு: 374 போடலாமா சார்?

ராணிப்பேட்டை ஐயாவையே கேளுங்கள்.

காட்பாடி மாணவி: சார், ஓட்டிப் பார்த்தேன். ஏ0, ஏ1 நீங்கள் சொன்ன மாதிரிதான் வருகிறது. ஆனால் ஏ5-இலும் ஏஎல்இ நேரத்தில் ஒரு குட்டிக் கூர் தெரிகிறது. அது கீழேதானே கிடக்க வேண்டும்?

நல்ல கண். ஜன்னல் திறந்திருக்கிறது இல்லையா, யாரும் ஓட்டாத நேரத்து மிதப்பு கம்பியில் இருந்தால் முகவரி வந்து சேரும் வரை அது வெளியே எட்டிப் பார்க்கும். ஏஎல்இ விழும் முன் அடங்கிவிட்டால் கவலை இல்லை. விழுந்த பிறகும் இருந்தால் 373-இன் இருபதாம் காலுக்கும் பத்தாம் காலுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் இருக்கிறதா பாருங்கள். நாளைக்கு ஸ்கோப் படம் அனுப்புங்கள், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சேர்ந்து அளப்போம்.