பெரிய படம் காத்திருக்கும், சின்ன படம் காத்திருக்காது

அண்ணா வணக்கம். நான் குரோம்பேட்டை. வீட்ல அம்மா, மனைவி, மூணாவது படிக்கிற பையன், நான். மாசம் ஒரு படம் தியேட்டர்ல பாக்கறது எங்க வழக்கம். பெரிய ஹீரோ படம்னா முதல் சனி ஞாயிறுலயே போயிடுவோம், சின்ன படம்னா ஓடிடில வரட்டும்னு விட்டுருவோம். ஆனா இப்பல்லாம் ஒரு தடவை போயிட்டு வந்தா ரெண்டாயிரம் கிட்ட ஆகுது, கூட்டத்துல அம்மாவுக்கு முட்டி வலி வேற, பக்கத்து சீட்ல விசில் சத்தத்துல வசனமே கேக்கல. நாலு வாரம் பொறுத்தா வீட்லயே பாக்கலாமேன்னு மனைவி சொல்றாங்க. அதுக்குள்ள ஆபீஸ்ல எல்லாரும் கதையச் சொல்லிடறாங்க. எதுக்கு தியேட்டர், எதுக்கு காத்திருக்கறதுன்னு எப்படி முடிவு பண்றது?
— குரோம்பேட்டை வாசகர்

தம்பி, வணக்கம்.

உங்க பழக்கத்தை அப்படியே தலைகீழா மாத்திப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். பெரிய படத்துக்குக் காத்திருங்க, சின்ன படத்துக்கு உடனே கிளம்புங்க. ஏன்னு சொல்றேன்.

பெரிய ஹீரோ படத்தோட ஓடிடி உரிமை பெரும்பாலும் ரிலீசுக்கு முன்னாடியே வித்துடும். படம் ஆரம்பிக்கும்போது டைட்டில்ல டிஜிட்டல் பார்ட்னர்னு ஒரு லோகோ வருது பாருங்க, அதுதான், எந்த ஆப்ல வரப்போகுதுன்னு அங்கேயே தெரிஞ்சிடும். தேதியும் கிட்டத்தட்ட எழுதி வச்ச மாதிரிதான். மகாராஜா 2024 ஜூன் 14 தியேட்டர்ல வந்துச்சு, ஜூலை 12 நெட்ஃபிளிக்ஸ்ல. கூலி 2025 ஆகஸ்ட் 14 வந்துச்சு, செப்டம்பர் 11 பிரைம்ல. ரெண்டுமே சரியா நாலு வாரம். கொரோனா சமயத்துல மாஸ்டர் 2021 ஜனவரி 13 வந்து 29ஆம் தேதியே பிரைம்ல வந்துச்சு, அது அந்த நேரத்து நிலைமை, அதை இப்ப கணக்குல எடுக்காதீங்க. தியேட்டர்காரங்க இந்த நாலு வாரத்தை எட்டு வாரம் ஆக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, இந்திப் படங்களுக்கு பெரிய மல்டிபிளெக்ஸ் கம்பெனிகள் எட்டு வாரத்தைக் கட்டாயமா வச்சிருக்காங்க, லியோவோட இந்தி பதிப்பு அந்த கம்பெனி தியேட்டர்கள்ல ஓடாததுக்குக் காரணமே அதுதான். தமிழ்ல நாலு வாரம் நிக்கறதுக்கு எளிமையான காரணம், விளம்பரச் சூடு ஆறறதுக்குள்ள படம் கைக்கு வரணும்னு ஓடிடிக்காரங்க நினைக்கறாங்க, நாள் தள்ளத் தள்ள அவங்க குடுக்கற விலையும் குறையும், தயாரிப்பாளருக்கு அந்தப் பணம் பட்ஜெட்ல ஒரு பெரிய பகுதி.

சின்ன படத்துக்கு இந்தக் கதையே கிடையாது. கொரோனா நேரத்துல வாங்கின மாதிரி இப்ப ஓடிடிக்காரங்க தமிழ்ப் படங்களை அள்ளி வாங்கறதில்ல, தியேட்டர்ல எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் பேசலாம்னு சொல்லிடறாங்க. அதனால நிறைய சின்ன படம் வியாபாரம் முடியாமலே ரிலீஸ் ஆகுது. ரெண்டு மாசம் கழிச்சு வரலாம், ஆறு மாசம் கழிச்சு உங்ககிட்ட இல்லாத ஏதோ ஒரு ஆப்ல வரலாம், வாடகைக்கு மட்டும் வரலாம், வராமலே போகலாம். நீங்க "நாலு வாரம் பொறுப்போம்"னு நினைச்சு விட்ட படம் எத்தனை அப்படிக் காணாமப் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தியேட்டர்ல அது நிக்கறதும் ஒரு வாரம்தான். வெள்ளிக்கிழமை நாலு ஷோ இருக்கும், திங்கள்ல ரெண்டாகும், அடுத்த வெள்ளி புதுப்படம் வந்ததும் காலை 10 மணி ஷோ ஒண்ணு மட்டும் மிஞ்சும், வேலைக்குப் போறவங்க யாரும் பாக்க முடியாத நேரம் அது. எப்பவாவது லப்பர் பந்து மாதிரி ஒண்ணு பேச்சுல ஏறி நிக்கும். அது 2024 செப்டம்பர் 20 வந்து தியேட்டர்ல நல்லா ஓடுச்சு, ஓடிடிக்கு அக்டோபர் 31 தான் வந்துச்சு, கிட்டத்தட்ட ஆறு வாரம். அப்படி அமையறது ரொம்பக் கொஞ்சம்.

இப்ப பணம். அந்த ரெண்டாயிரம் எங்க போகுதுன்னு பிரிச்சுப் பாத்தா டிக்கெட் பாதி கூட வராது. தமிழ்நாட்டுல 2017 அக்டோபர்ல போட்ட அரசாணைப்படி மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டோட அடிப்படை விலை 150க்கு மேல போகக்கூடாது. அதுல 18 சதவீதம் ஜிஎஸ்டி 27 ரூபாய், உள்ளாட்சி கேளிக்கை வரி தமிழ்ப் படத்துக்கு 2025ல 8லருந்து 4 சதவீதமாக் குறைச்சாங்க, அது 6 ரூபாய். ஆக 183. நாலு பேருக்கு 732. ஆப்ல புக் பண்ணா ஒரு டிக்கெட்டுக்கு சுமார் 35 ரூபாய் கட்டணம் சேரும், நாலுக்கு 140, அந்த 140 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைக்கறது வரிசையில நிக்காம இருக்கறது மட்டும்தான். மீதி ஆயிரத்துச் சொச்சமும் பாப்கார்ன், கூல்ட்ரிங்க்ஸ், பார்க்கிங். அங்கதான் கை வைக்கணும். வெளிச் சாப்பாட்டைத் தடுக்க தியேட்டருக்கு உரிமை இருக்குன்னு 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஆனா குடிதண்ணி இலவசமா வைக்கணும்னும் அதே உத்தரவுல இருக்கு, பாட்டில் வாங்காம அதைக் கேட்டு வாங்குங்க. சாயங்காலம் 4 மணி ஷோவா இல்லாம சாப்பிட்டு முடிச்சு 7 மணி ஷோ போனாலே பையனுக்கு பாப்கார்ன் ஆசை பாதியாக் குறையும், இடைவேளைல ஒரு சின்ன டப்பா போதும்.

இன்னொரு வழியும் இருக்கு. மல்டிபிளெக்ஸ் இல்லாத ஏசி தியேட்டருக்கு அதே அரசாணைல உச்ச விலை 100. 2025 செப்டம்பர் 22லருந்து 100 ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். உங்க பக்கத்துல பராமரிப்பு நல்லா இருக்கற சிங்கிள் ஸ்கிரீன் இருந்தா சின்ன படத்துக்கு அதுவே தாராளம். ஒண்ணு கவனிங்க, பெரிய படம் வந்த முதல் மூணு நாள் நிறைய ஊர்ல கவுன்ட்டர்ல இந்த விலையெல்லாம் பேச்சுக்குத்தான், டிக்கெட்ல ஒண்ணு அச்சடிச்சிருக்கும், கைல வாங்கறது வேற. முதல் வார இறுதிக்குப் போகாதீங்கன்னு நான் சொல்றதுக்கு கூட்டத்துக்கு அடுத்தபடி இது ஒரு காரணம்.

கூலியையே எடுத்துக்கலாம், உங்க வீட்டுக்குப் பொருந்தற உதாரணம். அதுக்கு ஏ சான்றிதழ். 18 வயசுக்குக் கீழ உள்ளே விட முடியாது, தயாரிப்பு நிறுவனம் யு/ஏ கேட்டு ஹைகோர்ட் வரைக்கும் போயும் கிடைக்கல. சான்றிதழைப் பாக்காம குழந்தையோட வந்தவங்க வாசல்லயே திரும்ப வேண்டியதாச்சு. உங்க பையனோட நாலு டிக்கெட் எடுத்திருந்தா அங்கயே 870 ரூபாயும் ஒரு சாயங்காலமும் போச்சு. பெரிய படத்துக்கு ஆசைப்பட்டா டிக்கெட்டுக்கு முன்னாடி சான்றிதழைப் பாருங்க. பையனுக்கு ஏத்ததில்லைன்னா வேற வழி இருக்கு, நீங்களும் மனைவியும் மட்டும் ரெண்டாவது வாரம் செவ்வாய் புதன்ல போயிட்டு வரலாம், ரெண்டு பேர் டிக்கெட் 366 ரூபாய், கவுன்ட்டர்ல நின்னே வாங்கலாம். விசில் அடிக்கறவங்க எல்லாம் முதல் வாரத்துலயே பாத்து முடிச்சிருப்பாங்க, வசனம் முழுசாக் கேக்கும், பெரிய படத்தோட சவுண்டும் திரையும் அப்பவும் அதேதான். ஆபீஸ்ல கதை சொல்ற தொந்தரவும் நாலு வாரம் இழுக்காது, பத்துப் பன்னெண்டு நாள் தாக்குப் பிடிச்சாப் போதும்.

கூட்டம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க ஆப்போட சீட் படத்தை ஷோவுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி திறந்து பாருங்க, வித்த சீட் சாம்பல் நிறத்துல இருக்கும். பாத்துட்டு ஆப்லயே வாங்கணும்னு இல்ல. பாதிக்கு மேல காலியா இருந்தா நேரா கவுன்ட்டருக்குப் போங்க. அம்மாவுக்கு நடைபாதை ஓர சீட்டாக் கேளுங்க, எந்த வரிசைக்குப் படி ஏறாமப் போகலாம்னு கவுன்ட்டர்லயே சொல்லுவாங்க, ஒவ்வொரு ஸ்கிரீன்லயும் வாசல் இருக்கற இடம் வேற. ஒரே ஒரு எச்சரிக்கை, சின்ன படத்துக்கு ராத்திரி ஷோவுல ஆளே சேரலன்னா ஷோவை ரத்து பண்ணிடுவாங்க, அதனால அந்த மாதிரிப் படத்துக்கு வெள்ளி இல்லன்னா சனிக்கிழமை சாயங்காலமே போயிடுங்க. முதல் சனிக்கிழமைலயும் அங்க கூட்டம் இருக்காது, அம்மாவையும் தாராளமாக் கூட்டிட்டுப் போகலாம்.

மனைவி சொல்றதுலயும் நியாயம் இருக்கு, வசனத்தை நம்பி ஓடற குடும்பக் கதை, காமெடி, ஏற்கனவே நாலு வாரத்துல வரும்னு தெரிஞ்ச படம், இதெல்லாம் வீட்ல அம்மா பக்கத்துல உக்காந்து நிறுத்தி நிறுத்திப் பாக்கறதே சுகம். ஆனா எல்லா ஆப்புக்கும் வருஷச் சந்தா கட்டாதீங்க. பிரைம் மாசம் 299, வருஷம் 1499, அதுலயும் 2025 ஜூன்லருந்து விளம்பரம் வருது, வேணாம்னா தனியாக் காசு. நெட்ஃபிளிக்ஸ் 149 பிளான் ஃபோன், டேப்லெட்ல மட்டும்தான், டிவில பாக்கணும்னா 199. நீங்க பாக்க நினைச்ச மூணு படம் ஒரே ஆப்ல சேர்ற வரைக்கும் விட்டுட்டு அந்த ஒரு மாசம் மட்டும் கட்டுங்க, பாத்து முடிச்சதும் நிறுத்திடுங்க.

இந்த வெள்ளிக்கிழமை புதுசா வர்ற படங்கள்ல ஹீரோ பேர் உங்களுக்குத் தெரியாத ஒண்ணைப் பாருங்க. டிரெய்லர் பாத்து மனசுக்குப் பிடிச்சிருந்தா சனிக்கிழமை 7 மணி ஷோவுக்கு நாலு பேரும் கிளம்புங்க. எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.