புராஜெக்ட் ரிப்போர்ட்டில் லாபம் இருக்கிறது, மேனேஜர் ஏன் இன்னொரு லெட்டர் கேட்கிறார்?

கேள்வி: திருப்பூரில் 12 தையல் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் பண்ணுகிறேன். வருஷம் 38 லட்சம் பில் போடுகிறேன், வீட்டுச் செலவு போக மாதம் 45,000 மிஞ்சும். இன்னும் 10 மெஷின் போட 12 லட்சம் ஆகும். கையில் 3 இருக்கிறது, 9 லட்சம் லோன் கேட்டிருக்கிறேன். ஆடிட்டர் ரிப்போர்ட் கொடுத்த பிறகும் பேங்க் மேனேஜர், "மாதாமாதம் பணம் வருவது போவது, தவணை கட்டுவது எல்லாம் போட்டு நீங்களே ஒரு லெட்டர் கொடுங்கள்" என்கிறார். வேலை கொடுக்கும் பார்ட்டிகள் இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருவார்கள். லெட்டரில் என்ன எழுதுவது?

பதில்: மேனேஜர் ஏன் கேட்கிறார் என்பதற்கு விடை உங்கள் கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே இருக்கிறது. பார்ட்டி இரண்டு மாதம் கழித்துத் தருவார், டெய்லருக்கு நீங்கள் சனிக்கிழமை சனிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஆடிட்டர் ரிப்போர்ட் வருஷக் கணக்கில் இருப்பதால் இந்த இடைவெளி அதில் தெரியாது. பில் போட்ட அன்றே வருமானம் வந்ததாக அது எழுதிக்கொள்ளும். மேனேஜருக்கு வேண்டியது, எந்த மாதம் உங்கள் கை காயும், அப்போது எங்கிருந்து கொடுப்பீர்கள் என்பதுதான்.

அதனால் லெட்டரை எழுதுவதற்கு முன் ஒரு தாளில் புது மெஷின்களுக்கு மட்டும் கணக்குப் போடுங்கள். நான் ஒரு மாதிரி போடுகிறேன், உங்கள் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் மாதம் 1,40,000 பில், இரண்டாம் மாதம் 2,10,000, மூன்றாம் மாதத்திலிருந்து 2,80,000 என்று வைத்துக்கொள்வோம். டெய்லர், கைமடி, செக்கிங் எல்லாம் சேர்த்துக் கூலி முதல் மாதம் 1,00,000, அடுத்து 1,40,000, பிறகு 1,80,000. கரண்ட், வாடகை, நூல், ஊசி, வண்டிச் செலவு மாதம் 40,000. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 9 லட்சத்துக்கு மாதம் 9,000. முதல் 6 மாதம் அசல் கட்ட வேண்டாம், வட்டி மட்டும். ஏழாம் மாதத்திலிருந்து அசலில் மாதம் 15,000-உம் சேரும்.

| மாதம் | வரவு | செலவும் கடன் தவணையும் | மொத்தப் பற்றாக்குறை |
|---|---|---|---|
| 1 | 0 | 1,49,000 | 1,49,000 |
| 2 | 0 | 1,89,000 | 3,38,000 |
| 3 | 1,40,000 | 2,29,000 | 4,27,000 |
| 4 | 2,10,000 | 2,29,000 | 4,46,000 |
| 5 | 2,80,000 | 2,29,000 | 3,95,000 |
| 6 | 2,80,000 | 2,29,000 | 3,44,000 |
| 7 | 2,80,000 | 2,44,000 | 3,08,000 |

இதில் முதல் ஆறு மாதத்தை ஆடிட்டர் முறையில் பாருங்கள். தேய்மானத்தை விட்டுவிட்டால், பில்லிலிருந்து செலவும் வட்டியும் போக 2,16,000 லாபம். பணக் கணக்கிலோ 3,44,000 குறைகிறது. இரண்டும் சரிதான். வித்தியாசம் 5,60,000, அதாவது பார்ட்டிகளிடம் நிற்கும் கடைசி இரண்டு மாத பில். லெட்டரில் இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் போதும், இவருக்குத் தன் தொழில் தெரியும் என்று மேனேஜருக்குப் புரிந்துவிடும். அப்புறம் ரிப்போர்ட்டுக்கும் லெட்டருக்கும் ஏன் கணக்கு இடிக்கிறது என்ற கேள்வியும் வராது.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். நீங்கள் கேட்டிருக்கும் 9 லட்சமும் மெஷினுக்கே போய்விடும், நான்காம் மாதம் தேவைப்படும் 4,46,000-க்கு உங்கள் மனுவில் வழியே இல்லை. பழைய யூனிட்டில் மிஞ்சும் 45,000 நான்கு மாதத்துக்கு 1,80,000 ஆகும். மீதிக்கு நடைமுறை மூலதனக் கடன், அதாவது சிசி லிமிட், இதே லெட்டரிலேயே கேட்க வேண்டும். இதைக் கேட்டால் மெஷின் லோனும் போய்விடுமோ என்று பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பிறகு மூன்றாம் மாதம் கந்துவட்டிக்கு வாங்கிக் கூலி கொடுப்பார்கள், அந்த வட்டி எந்த ரிப்போர்ட்டிலும் வராது, லோன் கெடுவது அங்கேதான்.

எவ்வளவு கேட்பது? 3 லட்சம் போதும் என்று தோன்றும், ஏனென்றால் 1,80,000-உடன் சேர்த்தால் 4,80,000, நான்காம் மாதம் தாண்டிவிடுகிறது. ஆனால் மூன்றாம் மாதத்தைப் பாருங்கள். அப்போது பழைய யூனிட்டிலிருந்து 1,35,000தான் சேர்ந்திருக்கும், 3 லட்சத்துடன் 4,35,000. தேவை 4,27,000. மிச்சம் 8,000, சிசி வட்டியே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பள்ளம் ஆழமாக இருப்பது நான்காம் மாதம், கழுத்தைப் பிடிப்பது மூன்றாம் மாதம். அதனால் 4 லட்சம் கேளுங்கள். சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 20 சதவீதம் வரை நடைமுறை மூலதனம் தரலாம் என்பது வங்கிகள் பின்பற்றும் கணக்கு. பழைய 38 லட்சமும் புது மெஷினின் முதல் வருஷ 31.5 லட்சமும் சேர்ந்தால் 69.5 லட்சம், அதில் 20 சதவீதம் 13.9 லட்சம். நீங்கள் கேட்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதையும் லெட்டரில் எழுதுங்கள்.

பார்ட்டி இன்னும் தாமதித்தால்? மேனேஜர் கட்டாயம் கேட்பார், நீங்களே முந்திக்கொள்ளுங்கள். எல்லாப் பணமும் 15 நாள் தள்ளி வந்தால் நான்காம் மாதம் 5,51,000 தேவை, கையில் இருக்கும் வழி 5,80,000, தாங்கும். முழு மாதம் தள்ளினால் 6,56,000, தாங்காது. தாங்காது என்பதை மறைக்காமல், அப்படி ஆனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்: மூன்றாம் மாதத்தில் ஆளைக் கூட்டுவதைத் தள்ளிப்போடுவேன் என்றோ, நகையை வைப்பேன் என்றோ, எது நிஜமோ அது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதுதான், ஆனால் கணக்கைச் சட்டத்தை வைத்துப் போடாதீர்கள், உங்கள் பார்ட்டியின் பழக்கத்தை வைத்துப் போடுங்கள். கடந்த 12 மாத பேங்க் ஸ்டேட்மெண்டில் அந்தப் பழக்கம் மேனேஜர் கண்ணுக்கே தெரியும்.

தவணைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அசலைச் சமமாகப் பிரிப்பது: மாதம் 15,000 வீதம் 60 தவணை. முதல் தவணை வட்டியோடு 24,000, ஒவ்வொரு மாதமும் 150 குறைந்து கடைசித் தவணை 15,150. மொத்த வட்டி 2,74,500. இன்னொன்று எல்லா மாதமும் ஒரே தொகை கட்டும் இஎம்ஐ. எக்செலில் இதை அடித்தால் 20,020 வரும்:

```
=PMT(12%/12,60,-900000)
```

இதில் மொத்த வட்டி 3,01,200, கிட்டத்தட்ட 26,700 அதிகம். ஆனாலும் உங்கள் நிலைமைக்கு நான் இஎம்ஐதான் கேட்கச் சொல்வேன். ஏழாம் மாதம் 3 லட்சத்துக்கு மேல் பள்ளத்தில் நிற்கும்போது மாதம் 4,000 குறைவாகக் கட்டுவது பெரிய விஷயம். மேலே அட்டவணையில் வேண்டுமென்றே கடினமான 24,000-ஐத்தான் போட்டிருக்கிறேன், மேனேஜர் எந்த முறையைச் சொன்னாலும் கணக்கு நிற்கும். முதல் 6 மாத வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் அது அசலில் ஏறி, ஏழாம் மாதம் 9,55,368-லிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு இணைந்த வட்டி மாறக்கூடியது என்பதால், அட்டவணைக்கு மேல் "இன்றைய வட்டி விகிதப்படி" என்று குறித்துவிடுங்கள்.

கட்டும் சக்தியை ஒரே எண்ணில் சொல்ல வேண்டும் என்றால், வருஷத்தில் மிஞ்சும் பணத்தை அந்த வருஷம் கட்ட வேண்டிய அசல், வட்டியால் வகுக்க வேண்டும். சம அசல் முறையில் இரண்டாம் வருஷம் மிஞ்சுவது 7,20,000, கட்ட வேண்டியது 2,67,300, ஆக 2.7. இது அழகான எண், அதனாலேயே மேனேஜர் நம்ப மாட்டார். வேலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மிஞ்சுவது 4,80,000, அப்போதும் 1.8 வருகிறது. 1.5-க்கு மேல் இருந்தால் பொதுவாக வங்கிகள் தயங்குவதில்லை. இரண்டாவது எண்ணை முன்னால் எழுதுங்கள்.

ஆடிட்டர் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் விடுபடுவது ஒன்று இருக்கிறது. இப்போது ஆட்கள் 20-க்குள் இருப்பார்கள், 10 மெஷின் கூடினால் தாண்டிவிடும். தாண்டினால் பிஎஃப் கட்டாயம், போனஸும் குறைந்தது 8.33 சதவீதம். நான் போட்ட கூலியில் புது ஆட்களுக்கான பிஎஃப் பங்கு அடங்கியதாக வைத்திருக்கிறேன், பழைய ஆட்களுக்கும் கட்ட வேண்டுமே, அது அந்த 45,000-லிருந்துதான் போகும். அதைக் கழித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். தீபாவளி போனஸ் தனி. ஏப்ரலில் மெஷின் ஓட ஆரம்பித்தால் முதல் முழுத் தவணை அக்டோபரில், போனஸ் கேட்கும் நேரத்தில் வந்து நிற்கும். பொங்கல் முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பியதும் பிப்ரவரியில் ஓட்டினால் ஆகஸ்டிலேயே தவணை தொடங்கி, போனஸுக்கு முன் இரண்டு மாதம் மூச்சுவிடலாம்.

சரி, லெட்டருக்கு வருவோம். இரண்டு பக்கம் போதும், கிளை மேலாளர் பெயரில், தமிழிலேயே எழுதலாம். தொடக்கம் இப்படி இருக்கட்டும்:

"ஐயா, பனியன் தையல் ஜாப் ஒர்க் யூனிட்டை 22 மெஷினாக விரிவாக்க, மெஷின் வாங்க 9 லட்சம் காலக் கடனும், 4 லட்சம் சிசி லிமிட்டும் வேண்டுகிறேன். திட்டச் செலவு 12 லட்சத்தில் 3 லட்சம் என் பங்கு, அது என் சேமிப்புக் கணக்கில் உள்ளது. பார்ட்டிகள் இரண்டு மாதம் கழித்துப் பணம் தருவதால் நான்காம் மாதம் 4,46,000 பற்றாக்குறை வரும். அதை ஈடுகட்டும் வழியைக் கீழே கொடுத்துள்ளேன்."

அதன்பின் அட்டவணை, தாமதம் பற்றிய பத்தி, தவணை விவரம். எந்த எண்ணும் எங்கிருந்து வந்தது என்று காட்டும் காகிதம் பின்னால் இருக்க வேண்டும்: பீஸ் ரேட்டுக்குப் பார்ட்டியின் ஆர்டர் அல்லது பழைய பில், மெஷினுக்குக் கொட்டேஷன், பழைய வரவுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்னும் ஸ்டேட்மெண்டும். கொட்டேஷனில் ஓவர்லாக் எத்தனை, பேட்லாக் எத்தனை என்பதும் லெட்டரில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும், சின்ன வித்தியாசத்துக்கே ஃபைல் திரும்பி வரும்.

அந்த 6 மாதச் சலுகைக் காலம் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் லெட்டரில் கேட்டுவிடுங்கள். பொதுவாக வங்கி முதல் பணத்தை விடுவிக்கும் நாளிலிருந்தே எண்ணும். டீலருக்கு முழுப் பணமும் போய் மெஷின் ஆறு வாரம் கழித்து வந்தால், ஒன்றரை மாதம் வீண். உங்கள் 3 லட்சத்தை அட்வான்ஸாகக் கொடுத்து, வங்கிப் பணம் மெஷின் டெலிவரி ஆகும் வாரத்தில் டீலர் கணக்குக்குப் போகும்படி எழுதுங்கள், அட்டவணையின் முதல் மாதமும் அதுவாகவே இருக்கும்.