கைக்கு வந்தது 6 லட்சம், AIS-இல் 9 லட்சம்: எதற்கு வரி?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் நைட்டி விற்கிறேன், 2025 ஏப்ரலில் தொடங்கினேன். மார்ச் வரை பேங்கில் வந்தது 5 லட்சத்து 97 ஆயிரம் சொச்சம். ஆனால் வருமான வரி தளத்தில் AIS என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் 9 லட்சம் என்று காட்டுகிறது. ஷிப்பிங், பேக்கிங், கமிஷன் போக எனக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ரிட்டர்ன் போட்டுத் தருபவர், பேங்கில் வந்த பணத்துக்கு 6 சதவீதம் காட்டினால் போதும் என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. அதைவிட வருத்தம், அவர் சொன்னபடி செய்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது, வம்பு மட்டும்தான் மிஞ்சும். விற்பனைத் தளம் உங்களுக்குத் தந்து, நீங்கள் எனக்கு அனுப்பிய செட்டில்மென்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். நீங்கள் விற்பது தமிழ்நாட்டுக்குள் மட்டும், ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் என்ரோல்மென்ட் எண் வாங்கி விற்கிறீர்கள் என்பதால் கணக்கு சுலபம்.

ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். வாங்கியவர் கொடுத்தது 450 ரூபாய், அதில் நைட்டி 400, ஷிப்பிங் 50. தளம் கமிஷனாக 45 எடுத்துக்கொண்டது. கூரியருக்கு என்று 75 எடுத்தது (திரும்பி வந்த பார்சல்களின் போக்குவரத்துச் செலவையும் எல்லா ஆர்டருக்கும் பரப்பினால் சராசரியாக இந்த அளவு வருகிறது). இந்த 120 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 21 ரூபாய் 60 காசு. அப்புறம் 45 காசு டிடிஎஸ். எல்லாம் போக உங்கள் பேங்குக்கு வந்தது 307 ரூபாய் 95 காசு.

இதில் உங்கள் விற்பனை எது? 450. 307 இல்லை. 400-உம் இல்லை. ஷிப்பிங் 50 ரூபாய் கூரியர்காரருக்குத்தானே போகிறது, அதை ஏன் என் வருமானத்தில் சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கியவர் உங்களுக்காகக் கொடுத்த முழுத் தொகையும் விற்பனைப் பக்கம் வரும், கூரியருக்குப் போன 75 செலவுப் பக்கம் வரும். இரண்டையும் கழித்து ஒரு பக்கத்தில் மட்டும் போட்டால் லாபம் மாறாது என்பது உண்மைதான், ஆனால் விற்பனைத் தொகை AIS-உடன் ஒட்டாது. வரித்துறையின் கம்ப்யூட்டர் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தத் தொகையைத்தான்.

திரும்பி வந்த ஆர்டர்கள் போக 2,000 ஆர்டர்கள், ஆளுக்கு 450 என்றால் 9 லட்சம். AIS காட்டுவது இதைத்தான். அது உங்கள் வருமானம் என்று துறை சொல்லவில்லை, உங்கள் பெயரில் நடந்த விற்பனை என்று தளம் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு வருஷா வருஷம் எரிச்சல் வருவது இங்கேதான். கமிஷன் எவ்வளவு, ஷிப்பிங் எவ்வளவு என்பது தளத்துக்குப் பைசா சுத்தமாகத் தெரியும், பிடித்துக்கொள்வதே அவர்கள்தான். அதையும் 9 லட்சத்துக்குப் பக்கத்தில் ஒரு வரியாகக் காட்டச் சொன்னால் பாதிப் பேரின் பயம் போய்விடும். யாரும் சொல்லவில்லை. முப்பது பத்தி அகலத்துக்கு ஆங்கிலத் தலைப்போடு ஒரு எக்செல் ஷீட்டை வீட்டிலிருந்து தொழில் செய்பவர் தலையில் கட்டிவிட்டு, கணக்கு ஒட்டவில்லை என்று நோட்டீஸ் மட்டும் அவருக்கு அனுப்புகிறார்கள்.

சரி, பேங்க் தொகைக்கும் 9 லட்சத்துக்கும் நடுவில் இருப்பதைப் பிரிப்போம். கமிஷன் 90,000, ஷிப்பிங் 1,50,000, இவற்றுக்கான ஜிஎஸ்டி 43,200. மொத்தம் 2,83,200, மூன்றும் செலவு. டிடிஎஸ் 900. மார்ச் கடைசியில் போன சுமார் 60 ஆர்டர்களின் பணம், ஏறக்குறைய 18,500 ரூபாய், ஏப்ரலில்தான் உங்கள் பேங்குக்கு வந்திருக்கிறது. விற்றது மார்ச்சில் என்பதால் அது இந்த வருஷத்து விற்பனைதான். இத்தனையும் கழித்தால் உங்கள் பாஸ்புக்கில் இருக்கும் 5 லட்சத்து 97 ஆயிரம் வந்துவிடும். வந்துவிட்டால் உங்கள் கணக்கு சரி. வரவில்லை என்றால் திரும்பி வந்த ஆர்டர்களில் ஏதோ ஒன்று இரண்டு முறை கழிந்திருக்கும், அல்லது கழியாமல் விட்டுப்போயிருக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.

டிடிஎஸ் 900 செலவு இல்லை. அது உங்கள் பெயரில் அரசிடம் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி. பேங்குக்கு வராதது எல்லாம் செலவு என்று இதையும் சேர்த்துக் கழித்த ரிட்டர்ன்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. (ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த 43,200-க்கு நீங்கள் இன்புட் கிரெடிட் எடுத்திருந்தால் அதை மறுபடி செலவில் போடக்கூடாது.)

இனி தளத்துக்கு வெளியே ஆன செலவு. சந்தையில் 2,500 நைட்டி, ஒன்று 205 ரூபாய் என்று 5,12,500-க்கு வாங்கியிருக்கிறீர்கள். அந்த முழுத் தொகையும் இந்த வருஷச் செலவு ஆகாது. மார்ச் 31 அன்று பீரோவில் 500 நைட்டி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் அடக்கவிலை 1,02,500. அதைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 4,10,000. பேக்கிங்கும் அப்படித்தான். கூரியர் கவர், டேப், லேபிள் ரோல் எல்லாம் 30,000-க்கு வாங்கினாலும் 6,000 ரூபாய்க்கு இன்னும் பிரிக்காத கட்டு இருக்கிறது, ஆகவே செலவு 24,000. லேபிள் அடிக்கும் பிரிண்டர் 12,000, அதில் இந்த வருஷத்துக்குத் தேய்மானம் 40 சதவீதம், 4,800. இன்டர்நெட், போன் பில்லில் தொழிலுக்கான பங்கு 6,000.

9,00,000-இலிருந்து 2,83,200, 4,10,000, 24,000, 4,800, 6,000 எல்லாம் கழித்தால் 1,72,000. இதுதான் உங்கள் லாபம். வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்றது ஏதாவது இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள், AIS-இல் இல்லை என்பதால் அது வருமானம் இல்லை என்று ஆகாது.

இப்போது உங்கள் ஆள் சொன்ன 6 சதவீதத்துக்கு வருவோம். 44AD என்று ஒரு பிரிவு இருக்கிறது. விற்பனை 2 கோடிக்குள் உள்ள சிறு வியாபாரிகள் கணக்குப் புத்தகம் எழுதாமல், பேங்க் வழியாக வந்த விற்பனைக்குக் குறைந்தது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். கேஷ் ஆன் டெலிவரி என்றாலும் தளம் உங்களுக்கு பேங்க் வழியாகத்தான் தருகிறது, அதனால் உங்களுக்கும் 6 சதவீதம்தான். ஆனால் அந்த 6 சதவீதம் 9 லட்சத்துக்கு, பேங்கில் வந்த தொகைக்கு இல்லை. கமிஷனும் ஷிப்பிங்கும் பேக்கிங்கும் கழிந்த பிறகுதான் அந்த 6 சதவீதம் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. பேங்க் தொகைக்குப் போட்டால் ஒரே செலவை இரண்டு தடவை கழித்த மாதிரி. அதோடு 6 என்பது தரைமட்டம். அதற்கு மேல் சம்பாதித்தது தெரிந்தால் அதைத்தான் காட்ட வேண்டும்.

அவர் கணக்குப்படி உங்கள் லாபம் சுமார் 36,000. உண்மையான லாபம் 1,72,000. இரண்டுக்கும் வரி பூஜ்யம்தான்! 2025-26-க்குப் புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. பிறகு எதற்கு அந்தப் பொய்? இந்த ஆட்கள் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, உங்கள் ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், பாஸ்புக் கடைசி வரியை எடுத்துப் பெருக்கிவிட்டுப் போகிறார்கள். நாளைக்கு முத்ரா கடன் கேட்டு நீங்கள் பேங்குக்குப் போனால், 36,000 லாபம் உள்ள தொழிலுக்கு எதை நம்பிக் கடன் என்று அங்கே கேட்பார்கள். பதில் சொல்ல அவர் வரமாட்டார்.

இன்னொன்றையும் கண்டிப்பாகப் பாருங்கள். வரித் தளத்தில் உங்கள் கணக்கில் யாருடைய மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கிறது? போன மாதம் என்னிடம் வந்த ஒரு அம்மாவின் கணக்கில் அவர் பெயர் மட்டும்தான் அவருடையது. மொபைல், மின்னஞ்சல், பாஸ்வேர்ட் மூன்றும் ரிட்டர்ன் போட்டவருடையவை. துறையிலிருந்து இரண்டு கடிதம் வந்து காலக்கெடு முடிந்தே போயிருந்தது, அவருக்குத் தெரியாது. ஓடிபி உங்கள் போனுக்கு வராத ரிட்டர்னுக்குச் சம்மதிக்காதீர்கள்.

ரொக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஈரோடு சந்தையில் ரொக்கம்தான் ஓடுகிறது. கணக்கு எழுதி லாபம் காட்டுபவர் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் பலருக்கு உதவும் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். மின்சக்தி இல்லாமல் குடிசைத் தொழிலில் செய்த பொருளை, அதைச் செய்தவரிடமே வாங்கினால் அந்த வரம்பு கிடையாது. சென்னிமலைப் பக்கம் கைத்தறியில் நெய்பவர் வீட்டுக்கே போய்ப் போர்வை வாங்கி 15,000 ரொக்கமாகக் கொடுத்தால் செல்லும். அதே போர்வையைக் கடைக்காரரிடம் வாங்கினால் செல்லாது, அவர் செய்தவர் இல்லை. விசைத்தறிக்காரரிடம் வாங்கினாலும் செல்லாது, அங்கே மின்சாரம் ஓடுகிறது. நெய்தவர் பெயர், ஊர், என்ன பொருள், எத்தனை, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்து வாங்கி வையுங்கள், கைநாட்டானாலும் பரவாயில்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் கைத்தறி என்று நீங்கள் சொல்வதை நிரூபிக்க வழியில்லை. உங்கள் நைட்டிக்கு இது பொருந்தாது. அடுத்த தடவை சந்தையில் ஜிபே செய்துவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ITR-4 படிவத்தில் விற்பனை 9,00,000, லாபம் 1,72,000 என்று காட்டுங்கள். மேலே போட்ட கணக்கையும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டையும் பில்களையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன என்று யாராவது பயமுறுத்தினால், 2025-26 கணக்கு பழைய சட்டப்படிதான் என்று சொல்லுங்கள்.

அந்த 900 ரூபாய் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்ப வரும். வரியே இல்லாதவரிடம் பிடித்து, திரும்பக் கேட்கவும் வைக்கிறார்கள். 2024 அக்டோபருக்கு முன்பு 1 சதவீதம் பிடித்தார்கள், அப்போது இதே விற்பனைக்கு 9,000 ரூபாய் முடங்கியிருக்கும். வரித் தளத்தில் உங்கள் பேங்க் கணக்கு சரிபார்க்கப்பட்டதாகக் காட்டுகிறதா, பான் கார்டில் உள்ள பெயரும் பாஸ்புக்கில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று ரிட்டர்ன் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். ரீஃபண்ட் நின்றுபோவது பெரும்பாலும் அந்த இனிஷியலில்தான்.