ஒரே ஷீட் இரண்டாகத் தெரிந்தால் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: எக்செல் கோப்பில் முதல் 15 வரிசைகள் மேலேயும் கீழேயும் இரண்டு தடவை தெரிந்தன. கணினி பழுது பார்ப்பவர் வைரஸ் என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போட்டுக் கட்டணம் வாங்கினார். கோப்பைத் திறந்தால் இன்னும் அப்படியே இருக்கிறது.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உங்கள் கோப்பில் எந்தக் கோளாறும் இல்லை. ஷீட்டின் குறுக்கே ஒரு சாம்பல் நிறக் கோடு ஓடுகிறதா பாருங்கள். அதுதான் Split. A16-இல் கர்சர் இருக்கும்போது View பட்டியில் Split-ஐ அழுத்தினால், மேல் பகுதியில் 1 முதல் 15 வரை, கீழ்ப் பகுதியில் 16 முதல் என்று ஷீட் பிரியும். அந்த நேரத்தில் வித்தியாசமே தெரியாது. அப்புறம் கீழ்ப் பகுதியில் மவுஸ் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டும்போதுதான் அங்கேயும் வரிசை 1 வந்து நிற்கும். அதனால்தான் திடீரென்று வந்த நோய் போலத் தோன்றுகிறது. Split பொத்தான், தலைப்பு வரிசையை நகராமல் உறைய வைக்கும் Freeze Panes-க்குப் பக்கத்திலேயே இருப்பதால் கை தவறிப் படுவது சாதாரணம்.

சோதிப்பது எளிது. மேலே உள்ள காலியான ஒரு கட்டத்தில் ஏதாவது தட்டச்சு செய்து Enter அழுத்துங்கள். கீழே அதே கட்டத்திலும் அது உடனே வரும், ஏனென்றால் இரண்டும் ஒரே கட்டம்தான். Ctrl+P அழுத்திப் பார்த்தால் அச்சு முன்னோட்டத்தில் வரிசைகள் ஒரு தடவைதான் இருக்கும். கோட்டின் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் அது போய்விடும். View பட்டியில் Split-ஐ மறுபடி அழுத்தினாலும் போதும். பிறகு கோப்பைச் சேமியுங்கள். இந்தப் பிரிப்பு கோப்புக்குள்ளேயே பதிவாகிறது. கணினியை எத்தனை முறை துடைத்தாலும் போகாததற்கு அதுதான் காரணம்.

அவரிடம் போய், எந்த வைரஸ் பிடிபட்டது, ஸ்கேன் அறிக்கை எங்கே என்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

கேள்வி: கீழே இருந்த நகல் வரிசைகளை அழித்தேன். மேலே இருந்ததும் போய்விட்டது. மீட்டுத் தரும் மென்பொருள் எது வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்காதீர்கள். கோப்பு இன்னும் திறந்திருந்தால் Ctrl+Z. மூடிவிட்டீர்கள் என்றால் பழைய பிரதியைத் தேடுங்கள். ஒன்டிரைவில் வைத்திருந்தால் Version History-யில் கிடைக்கலாம். இடது ஓரத்தில் வரிசை எண் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கும். உண்மையான நகல் என்றால் எண் வேறாக இருக்கும். அழிப்பதற்கு முன் அதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கேள்வி: ஒரே கோப்பின் இரண்டு ஷீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஆட்-இன் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். View பட்டியில் New Window, பிறகு Arrange All. உங்களிடம் இருக்கும் எக்செல்லிலேயே இது உண்டு.

கேள்வி: கோப்பைத் திறந்தால் இரண்டு ஜன்னல்கள் வருகின்றன. ஒன்றை மூடினேன், உறைய வைத்திருந்த தலைப்பு வரிசையும் போய்விட்டது. கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்துப் பழுதுநீக்கும் மென்பொருளைத் தரவிறக்கினேன். அது 'பிழைகள் உள்ளன, பணம் கட்டினால் சரியாகும்' என்கிறது.

பதில்: கட்டாதீர்கள். இந்த வியாபாரத்தின் மீது எனக்குப் பழைய கோபம் உண்டு. இப்படி ஒன்றை நானும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். இலவச ஸ்கேன் என்பார்கள், சிவப்பு எழுத்தில் பிழைகளைக் குவிப்பார்கள், என்ன பிழை என்று மட்டும் சொல்லமாட்டார்கள். பணம் கட்டிய பிறகு எனக்குக் கிடைத்தது, வாய்பாடுகள் எல்லாம் வெறும் எண்களாகிப்போன ஒரு கோப்பு. திருப்பிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. பயந்து நிற்பவர்களிடம் விற்பதற்கென்றே இவற்றைச் செய்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். யாரோ New Window அழுத்தி, இரண்டு ஜன்னலும் திறந்திருக்கும்போதே சேமித்திருக்கிறார்கள். அதனால் கோப்பு ஒவ்வொரு முறையும் இரண்டாகத் திறக்கிறது. தலைப்புப் பட்டையில் கோப்பின் பெயருக்குப் பின்னால் 1, 2 என்று எண் இருக்கும். Freeze Panes, கட்டக் கோடுகளை மறைத்தது போன்றவை ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி. எக்செல்லின் பல பதிப்புகளில் புதிய ஜன்னலுக்கு அவை தாமாக வராது. நீங்கள் மூடியது அநேகமாக 1. இனி இப்படி வந்தால் எண் 2-ஐ மூடிவிட்டு, 1 மட்டும் இருக்கும்போது சேமியுங்கள். இப்போதைக்கு ஒவ்வொரு ஷீட்டிலும் தலைப்பு வரிசையை மறுபடி உறைய வைக்கத்தான் வேண்டும். தரவு ஒன்றும் போகவில்லை. அந்த மென்பொருளை நீக்கிவிடுங்கள்.