முறுக்கு நமப்பது எண்ணெயால் அல்ல

“காலையில் சுட்ட முறுக்கை அன்றே பாக்கெட் போடுகிறேன். மூன்றாம் நாளே நமத்துவிடுகிறது. எண்ணெயை மாற்றியும் பயனில்லை.”

ஐயா, கட்டிய பாக்கெட்டை அரை மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உட்புறம் பனித்திருந்தால், சூடு அடங்குமுன் கட்டிவிட்டீர்கள் என்று பொருள். அந்த ஈரம் திரும்ப முறுக்கில்தான் இறங்கும். கூடையில் குவித்தால் மேலே ஆறியிருக்கும், நடுவில் சூடு தங்கிவிடும். நானும் இதில் பல கிலோ இழந்திருக்கிறேன். அகலமான தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றை உடைத்து, நடுப்பகுதியில் சூடு தெரியாவிட்டால் உடனே கட்டுங்கள். மழைநாளில் திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

பனிப்பே இல்லாமல் நமத்தால், பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது.

கண்ணாடிப் பெட்டியில் வெயில் படவே கூடாது. மொறுமொறுப்பு இருந்தாலும் சிக்கு வாடை வந்துவிடும்.