பைக் மட்டும் ஏன் குறைகிறது? சாலைக் கேமராவில் வாகனம் எண்ணுவோரின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. வாகனத்தைக் கண்டுபிடிக்கும் வேலை ஒழுங்காக நடக்கிறது; எண்ணும் இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது.

கேள்வி: சாலையோரத்திலிருந்து பக்கவாட்டில் எடுத்த வீடியோ, நொடிக்கு 30 பிரேம். கம்ப்யூட்டர் திணறியதால், வாகனத்தைக் கண்டுபிடிக்கும் யோலோ மாடலில் `vid_stride=3` போட்டு ஓட்டினேன். கார் கணக்கு சரியாக வருகிறது, பைக் பாதிக்கு மேல் காணோம். ஆனால் திரையில் எல்லா பைக்கையும் சுற்றிக் கட்டம் விழுகிறதே?

கட்டம் விழுந்தால் மட்டும் எண்ணிக்கை ஏறாது. முந்தைய பிரேமில் இருந்த பைக்கும் இந்த பிரேமில் இருப்பதும் ஒன்றுதான் என்று, வாகனத்தைப் பிரேமுக்குப் பிரேம் பின்தொடரும் டிராக்கர் முடிவு செய்து, இரண்டுக்கும் ஒரே ஐடி தர வேண்டும். அந்த ஐடி, எண்ணுவதற்காகப் படத்தின் குறுக்கே நீங்கள் போட்ட கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால்தான் ஒன்று கூடும்.

இரண்டும் ஒன்றா என்பதை எளிய டிராக்கர்கள் ஐஓயு பார்த்து முடிவு செய்கின்றன. பழைய கட்டமும் புதிய கட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுத்தால் வருவது அது. சார்ட் டிராக்கரில் இந்த எண் 0.3-க்குக் கீழே போனால் ஜோடி சேராது.

இப்போது உங்கள் சாலைக்கு வருவோம். மணிக்கு 60 கி.மீ. என்றால் நொடிக்கு சுமார் 16.7 மீட்டர். 30 பிரேமையும் பார்த்தால் ஒரு பிரேமுக்கு வாகனம் 0.56 மீட்டர்தான் நகரும். நாலரை மீட்டர் காருக்கு ஐஓயு 0.78, இரண்டு மீட்டர் பைக்குக்கு 0.56. இரண்டும் சுலபமாகத் தேறும். நீங்கள் மூன்றில் ஒரு பிரேமை மட்டும் எடுப்பதால் நகர்வு 1.67 மீட்டராகிறது. கார் 0.46-க்கு இறங்கினாலும் தப்பித்துவிடும். பைக் 0.09. அதாவது ஒவ்வொரு பிரேமிலும் அது டிராக்கருக்குப் புது வாகனம்.

வேகத்தைக் கணித்து அடுத்த இடத்தை ஊகிக்கும் கால்மன் வடிகட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது வேகத்தைக் கற்றுக்கொள்ளவே முதல் ஜோடி சேர்ந்திருக்க வேண்டும். அந்த முதல் ஜோடியில்தான் பைக் அடிபடுகிறது. மற்ற டிராக்கர்களில் வரம்பு எண் மாறலாம், கதை இதேதான்.

சோதிக்க, கட்டத்தின் மேல் ஐடி எண்ணை எழுதிப் பாருங்கள். காரில் எண் நிலையாக இருந்து, பைக்கில் மாறிக்கொண்டே இருந்தாலோ எண்ணே வராமல் போனாலோ காரணம் இதுதான். `vid_stride`-ஐ 1 ஆக்குங்கள். கம்ப்யூட்டருக்குப் பாரம் என்றால் சிறிய மாடலுக்கு மாறுங்கள், அல்லது சாலை இருக்கும் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுங்கள். படத்தின் அளவைச் சுருக்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் முதலில் தொலைவது பைக்தான். பதிவு செய்த வீடியோதானே, மெதுவாக ஓடினால் என்ன குறைந்துவிடும்?

கேள்வி: சிக்னல் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன். ஒரே கார் இரண்டு மூன்று முறை ஏறுகிறது. எதிர்ச் சாலை வண்டிகளும் சில சமயம் சேர்ந்துவிடுகின்றன.

இவை இரண்டும் வேறு வேறு கோளாறு. எதிர்ச் சாலை விஷயம் பெரும்பாலும் நிரலில் இருக்கும். ஒரு புள்ளி கோட்டின் எந்தப் பக்கம் என்று இப்படித்தான் பார்ப்பார்கள்:

```python
def side(p, a, b):
    return (b[0]-a[0])*(p[1]-a[1]) - (b[1]-a[1])*(p[0]-a[0])
```

விடையின் குறி மாறினால் கோட்டைத் தாண்டியதாகக் கணக்கு. ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு `a`, `b` இரண்டும் முனைகள் என்று தெரியாது. கோடு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் நீள்வதாகவே அது எடுத்துக்கொள்ளும். தாண்டிய இடம் இரண்டு முனைகளுக்கு நடுவில்தானா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

காரின் இரட்டை எண்ணிக்கைக்கு வருவோம். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கட்டம்கூடச் சில பிக்சல் முன்னும் பின்னும் ஆடும். கோட்டின் மேலேயே நின்றால் அந்த ஆட்டமே தாண்டலாகிவிடும். எண்ணிய ஐடிகளைக் குறித்து வைத்து, ஒரு ஐடியை ஒரு முறைக்கு மேல் எண்ணாதீர்கள். அப்படியும் மிஞ்சுவது, பக்கத்தில் பஸ் வந்து மறைத்து, கார் மறுபடி தெரியும்போது புது ஐடி வாங்கிக்கொள்வது. இதற்கு நிரலில் வைத்தியம் தேடுவதைவிடக் கோட்டை நகர்த்துவது மேல். வண்டிகள் நிற்காமல் ஓடும் இடம் வேண்டும். ரொம்பத் தொலைவாக இருந்தால் வண்டி சிறுத்துவிடும், படத்தின் விளிம்பாக இருந்தால் கட்டம் வெட்டுப்படும். கட்டத்தின் மையத்தை எடுக்காமல், கீழ் விளிம்பின் நடுப்புள்ளியை எடுங்கள். தரையைத் தொடும் இடம் அதுதான். மையத்தை எடுத்தால் உயரமான லாரி பக்கத்துத் தடத்தில் போவதாகத் தெரியும்.

கேள்வி: ஒரே வண்டி ஒரு பிரேமில் பஸ், அடுத்ததில் லாரி. மூன்று சக்கர ஆட்டோ காராகிறது. நம்பிக்கை வரம்பைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது, எண்ணிக்கைதான் குறையும். பஸ்-லாரி குழப்பத்துக்கு, கோட்டைத் தாண்டும் அந்த ஒரு பிரேமின் பெயரை நம்பாதீர்கள். அந்த ஐடி திரையில் இருந்த எல்லா பிரேமிலும் வந்த பெயர்களுக்கு ஓட்டுப் போடுங்கள். கட்டம் பெரிதாக இருந்த பிரேமின் ஓட்டுக்கு மதிப்பைக் கூட்டுங்கள். பெரும்பாலான ஆட்டம் இதிலேயே அடங்கும்.

ஆட்டோ வேறு கதை. பொதுவாகக் கிடைக்கும் மாடல்கள் கோகோ தரவுத்தொகுப்பின் 80 வகைகளில் பயின்றவை. அதில் சைக்கிள், கார், மோட்டார் சைக்கிள், பஸ், லாரி உண்டு, ஆட்டோ கிடையாது. இல்லாத பெயரை மாடல் எங்கிருந்து சொல்லும்? உங்கள் கேமராவின் படங்களிலேயே ஆட்டோவைக் குறித்து மறுபயிற்சி தருவது நல்ல வழி. அச்சு எண்ணிக்கையை வைத்து லாரியைப் பிரிக்க நினைத்தால் பக்கவாட்டுக் கேமரா வேண்டும். நேரெதிர்க் கேமராவில் பின் சக்கரங்கள் தெரியவே தெரியாது.

கேள்வி: இரவில்?

முகப்பு விளக்கு கண்ணைக் கூசினால் வகை பிரிப்பதை விட்டுவிடுங்கள். வண்டிகள் விலகிப் போகும் திசையை நோக்கிக் கேமராவைத் திருப்ப முடிந்தால் பாதிப் பிரச்சினை போகும்.

கேள்வி: 15 நிமிடம் கையால் எண்ணினேன்: 240. நிரல் சொன்னது 238. தைரியமாக அறிக்கை கொடுக்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். வகைவாரியாகப் பார்த்தீர்களா? கையால் எண்ணியது கார் 96, பைக் 110, பஸ் 8, லாரி 26 என்றும், நிரல் சொன்னது கார் 109, பைக் 94, பஸ் 5, லாரி 30 என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் மொத்தம் அதே 240-ம் 238-ம்தான். ஒன்றின் பிழையை இன்னொன்று மறைத்துவிடுகிறது.

வகைக்குள்ளும் இது நடக்கும். பைக் 94-ல் 82 மட்டுமே உண்மையானவை, மீதி 12 இரட்டை எண்ணிக்கை என்றால், தவறவிட்டது 16 அல்ல, 28. இதைப் பிடிக்க, கோட்டைத் தாண்டிய நேரத்தை இரண்டு பட்டியலிலும் எழுதுங்கள். ஒரே வகை, ஒரே தடம், ஒரு நொடி வித்தியாசத்துக்குள் இருப்பவற்றை ஜோடி சேருங்கள். ஜோடியில்லாமல் நிற்பவைதான் உங்கள் உண்மையான பிழைகள். அந்த நேரங்களுக்கு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். 28-ல் பெரும்பகுதி பஸ்ஸுக்கு அந்தப் பக்கத்தில் ஒட்டிப் போனவை என்றால், டிராக்கரை விட்டுவிட்டுக் கேமராவை உயர்த்துவதைப் பற்றி யோசியுங்கள்.