ஏஜென்ட்டை நிறுத்தும்போது பாதியில் நிற்கும் ஆர்டர்களுக்குக் கமிஷன்

கேள்வி: எங்கள் அரிசி ஆலைக்கு நாகப்பட்டினம் பக்கம் கமிஷனுக்கு ஆர்டர் பிடித்துத் தருபவரை நிறுத்தப் போகிறோம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பாதியில் இருக்கும் ஆர்டர்களுக்கு எப்படிக் கணக்கு முடிப்பது?

கும்பகோணம் பக்கத்தில் எங்களுக்கும் ஆலை இருக்கிறது. நாகை, வேதாரண்யம் லைனைப் பார்த்துவந்த அண்ணனை நிறுத்தியபோது இதையேதான் சந்தித்தோம். 26 கிலோ சிப்பத்துக்கு 10 ரூபாய் கமிஷன், கடைக்காரர் பணம் கொடுத்த பிறகு. பேச்சு அவ்வளவுதான்.

திடீரென்று நிறுத்தாதீர்கள். எழுத்து இல்லாவிட்டாலும் நியாயமான அவகாசம் கொடுத்து அறிவிக்கச் சொல்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 206ஆம் பிரிவு. தராவிட்டால் அதனால் வரும் நஷ்டத்தை நாம் ஈடுகட்ட வேண்டிவரும். நாங்கள் ஒரு மாதம் கொடுத்தோம்.

கடைசி நாளன்று அவருடைய நோட்டையும் எங்கள் பில் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக் கடை கடையாகப் பார்த்துப் பட்டியல் போட்டோம். சரக்கு இறங்கிப் பணம் வராதது 420 சிப்பம். ஆர்டர் உறுதியாகி லோடு ஏறாதது 180. இரண்டும் அவர் உழைப்பு என்பதால் 6,000 ரூபாய் முழுதாக ஒப்புக்கொண்டோம். கொடுப்பது மட்டும் பழைய வழக்கப்படி, பணம் வர வர. உங்கள் வழக்கம் லோடு ஏறியதும் கமிஷன் என்றால், முடிக்கும் நேரத்தில் அதை மாற்றக் கூடாது.

சிக்கல் வந்தது நாகையில் ஒரு மெஸ்ஸில். சாம்பிள் கொடுத்திருந்தார், ஆர்டர் வரவில்லை. "தம்பி, அந்த மெஸ்ஸுக்கு நாலு தடவை நடந்திருக்கேன்" என்றார். உண்மைதான். 45 நாளுக்குள் ஆர்டர் வந்தால் முதல் லோடுக்கு மட்டும் கமிஷன் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். 60 சிப்பம் போனது, 600 ரூபாய். பட்டியலில் பெயர் இல்லாத கடைக்குப் பிறகு உரிமை கோர முடியாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வேதாரண்யத்தில் வண்டு விழுந்ததென்று 15 சிப்பம் திரும்பியது, 150 கழிந்தது. ஆக 6,450.

இதைவிட முக்கியம் வசூல். அவர் கையில் ரசீது புத்தகம் இருந்தால் முதலில் வாங்கிவிடுங்கள். அவர் வசூலித்து வைத்திருக்கும் பணத்தில் தனக்குச் சேர வேண்டிய கமிஷனைப் பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு; அதையும் பட்டியலில் சேர்த்துக் கழியுங்கள். அன்றைக்கே ஒவ்வொரு கடைக்கும் போன் செய்து, வாட்ஸ்அப்பிலும் எழுதிவிடுங்கள். அவரை நிறுத்தியது தெரியாமல் கடைக்காரர் அவரிடம் பாக்கியைக் கொடுத்துவிட்டால், நம்மிடம் கொடுத்த மாதிரிதான். அந்தக் கடையிடம் மறுபடி கேட்க முடியாது. நாங்கள் ஒரு கடைக்குச் சொல்ல விட்டுப்போனது. மறுவாரம் அங்கே 8,000 ரூபாய் அவரிடம் போயிருந்தது. அண்ணன் நேர்மையானவர், மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார்.